வளைகுடா மெடிக்கல் படிவத்தைத் தமிழில் விளக்குவது எப்படி?

கேள்வி: தேவகோட்டையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். சவுதி, குவைத், ஓமன் போகிறவர்கள் மெடிக்கல் படிவத்தைக் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கு, என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க?" என்று கேட்கிறார்கள். தமிழில் ஒரு விளக்கத் தாள் தயாரித்துக் கொடுக்க நினைக்கிறேன். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியவில்லை. சிலருக்குப் பயம்தான் அதிகமாகிறது. எந்தச் சொல்லை எப்படி எழுதுவது? ஒவ்வொரு சோதனையையும் எவ்வளவு விளக்கலாம்?

பதில்: அன்புள்ள தேவகோட்டை வாசகருக்கு வணக்கம்.

முதலில் தாளின் வேலை எது என்று வகுத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் படிவத்தை நிரப்புவது சோதனை மையத்தின் மருத்துவரும் ஆய்வகமும்தான். நீங்கள் தயாரிப்பது அதோடு இணைக்கப்போகும் மொழிபெயர்ப்பு அல்ல, போகிறவர் முந்தின நாள் வீட்டில் படித்துவிட்டுப் போகும் தாள். ஆகவே படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேரான தமிழ் வரி தேவையில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்: எதைத் தேடுகிறார்கள், உடம்பிலிருந்து என்ன எடுக்கிறார்கள், அதற்கு முன்பு அவர் என்ன செய்ய வேண்டும், முடிவாக எந்தச் சொல் அச்சாகும். அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பு மாறாமல் கொடுத்து, பக்கத்திலேயே பொருளையும் எழுதுங்கள். மையத்தில் அவர் காதில் விழப்போவது அந்த ஆங்கிலச் சொல்தான்.

இந்தச் சோதனையை மக்கள் இன்னும் பழைய பெயரில் "காம்கா மெடிக்கல்" என்றுதான் சொல்கிறார்கள். இப்போது முன்பதிவு வாஃபித் இணையதளத்தில் நடக்கிறது. கத்தார் வேலை விசாவுக்கு வழி வேறு. அதற்கான சோதனையைச் சென்னை போன்ற ஊர்களில் உள்ள கத்தார் விசா மையத்திலேயே முடிக்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போகிறார் என்று கேட்ட பிறகு தாளைக் கொடுங்கள்.

இனிச் சொற்களுக்கு வருவோம். தவறு தொடங்கும் இடம் இரத்தம் எடுக்கும் மேசை அல்ல, அதற்கு முன்னால் மருத்துவர் கேட்கும் பழைய நோய் பற்றிய கேள்விகள். இங்கே தமிழ் மருத்துவச் சொற்களுக்கும் ஊர்ப்பேச்சுக்கும் உள்ள இடைவெளி பெரியது.

"நரம்பு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு தெரிவதை ஊரில் "நரம்பு சுருட்டல்" என்கிறோம். படிவத்தில் அது வேரிகோஸ் வெயின் என்று இருக்கும். அது இரத்தக்குழாய் வீக்கம், மூளையோடு சேர்ந்த நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே படிவத்தில் நரம்பு மண்டல நோய் உண்டா என்று தனியாகக் கேட்பார்கள். அங்கே அவர்கள் நினைப்பது வலிப்பு, பக்கவாதம் போன்றவை. காலில் குழாய் புடைத்திருக்கும் ஒருவர் "நரம்பு நோய் உண்டா" என்று தமிழில் படித்தால் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார். இதைவிட மோசமானது "நரம்புத் தளர்ச்சி" என்று எழுதுவது. சுவரொட்டி விளம்பரங்களால் அந்தச் சொல்லுக்கு ஆண்மைக் குறைவு என்ற பொருள் ஏறிவிட்டது. எனவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள்: "வலிப்பு, கை கால் விழுந்துபோதல், நினைவு தப்புதல் எப்போதாவது வந்ததுண்டா?" என்று ஓரிடத்தில். "காலில் இரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருக்கிறதா?" என்று இன்னோரிடத்தில்.

வலிப்பை நம்மூரில் "ஃபிட்ஸ்" என்பார்கள். கடைசி முடிவோ "ஃபிட்" என்று அச்சாகும். "ஃபிட்ஸ் இருக்கா?" என்று மருத்துவர் கேட்கும்போது, தன் உடல்தகுதியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து "இருக்கு சார்" என்று சொல்வது நடக்கக்கூடிய விஷயம். இந்த இரண்டு சொற்களையும் தாளின் மேற்பகுதியில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் போட்டுவிடுங்கள்.

"சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா?" என்ற கேள்விக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் "இல்லை" என்கிறார்கள். பொய் சொல்லும் எண்ணத்தோடு அல்ல. மாத்திரையால் அளவு சரியாக இருப்பதால் இல்லை என்றே நம்புகிறார்கள். ஆகவே "சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ இப்போது மாத்திரை அல்லது ஊசி எடுக்கிறீர்களா?" என்று எழுதுங்கள். மருந்துச் சீட்டை எடுத்துப் போகவும், அன்று காலையும் வழக்கமான மாத்திரையை விடாமல் போடவும் சொல்லுங்கள். பயத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போய், அழுத்தம் 160-க்கு மேல் ஏறி நிற்பவர்கள் உண்டு. சர்க்கரைக்குப் பெரும்பாலும் ராண்டம் முறையில், அதாவது எந்த நேரத்திலும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். "வெறும் வயிறு கட்டாயம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். வெயிலில் வரிசையில் நின்று மயங்கி விழ அதுவே காரணமாகிவிடும். முன்பதிவுச் சீட்டில் வெறும் வயிறு என்று இருந்தால் மட்டும் அப்படி எழுதலாம்.

உடல் பரிசோதனைப் பகுதியில் "எக்ஸ்ட்ரீமிட்டீஸ்" என்று ஒரு சொல் வரும். அகராதி "முனைகள்" என்று சொல்லும். எழுத வேண்டியது "கை கால்கள்". "ஹெர்னியா" குடலிறக்கம். "ஹைட்ரோசீல்" விரை வீக்கம். இந்த இரண்டையும் பார்க்க ஆண்களின் உள்ளாடையை இறக்கச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள். இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிட்டால், அங்கே போய்த் திகைத்து நிற்க வேண்டியிருக்காது. கண் சோதனைக்குக் கண்ணாடி போடுகிறவர் அதைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் தனித்தனியாகக் குறிப்பார்கள்.

இனி இரத்தம். இங்கே ஒரே சொல்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்: பாசிட்டிவ். எச்.ஐ.வி. வரியில் பாசிட்டிவ் என்றால் கவலைக்குரியது. அதே தாளில் இரத்த வகை "பி பாசிட்டிவ்" என்று இருந்தால் அது நோயே அல்ல, பிறப்பிலிருந்து வரும் இரத்த வகை. இரண்டையும் ஒன்றாகப் படித்து இடிந்துபோனவர்களை உங்கள் கடையிலும் பார்த்திருப்பீர்கள். "நெகட்டிவ்" என்பதை "எதிர்மறை" என்று மொழிபெயர்த்தால் ஏதோ கெட்டது என்று தோன்றும். நான் பரிந்துரைக்கும் வாசகம் இது:

"நெகட்டிவ், நான் ரியாக்டிவ், நாட் டிடெக்டட்: மூன்றுக்கும் இங்கே ஒரே பொருள். தேடியது காணப்படவில்லை. இது நல்ல முடிவு.
பாசிட்டிவ், ரியாக்டிவ்: தேடியதன் அடையாளம் தெரிகிறது. இரத்த வகைக்கு இது பொருந்தாது."

"நோய் இல்லை" என்று எழுதாமல் "காணப்படவில்லை" என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். அங்கே போன பிறகு தங்கும் அனுமதிக்காக மறுபடியும் சோதிப்பார்கள். "இங்கே நோய் இல்லை என்று எழுதியிருந்ததே" என்று உங்கள் தாளைக் காட்டி அவர் நிற்கும்படி ஆகக்கூடாது.

அதேபோல உடல் பரிசோதனைக் கட்டங்களில் "என்.ஏ.டி." என்று மூன்று எழுத்து இருக்கும். கோளாறு எதுவும் தென்படவில்லை என்பதன் சுருக்கம் அது. "டபிள்யூ.என்.எல்." என்றால் இயல்பான அளவுக்குள் இருக்கிறது. இவற்றையும் நோய்ப் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

எச்.ஐ.வி. சோதனையை "எய்ட்ஸ் டெஸ்ட்" என்று எழுதாதீர்கள். எச்.ஐ.வி. என்பது கிருமி. எய்ட்ஸ் என்பது சிகிச்சையில்லாமல் பல ஆண்டுகள் போன பிறகு வரும் நிலை. முதல் சோதனையில் ரியாக்டிவ் என்று வந்தாலும் அது இறுதி முடிவு இல்லை. நம் நாட்டு முறைப்படி, அறிகுறி இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு கிட்களில் பார்த்த பிறகே உறுதி செய்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இதை இலவசமாகச் செய்யலாம். 1097 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். இந்த இரண்டு விவரமும் தாளில் இருக்கட்டும்.

மஞ்சள் காமாலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி சோதனைகளை "மஞ்சள் காமாலை டெஸ்ட்" என்றே பலரும் மொழிபெயர்க்கிறார்கள். மஞ்சள் காமாலை என்பது கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும் அறிகுறி. அது பல காரணங்களால் வரும். சிறுவயதில் தண்ணீர் மூலம் வந்து, கீழாநெல்லி சாப்பிட்டதாகச் சொல்லும் காமாலை பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ வகை. அது வந்து போய்விடும், இந்தச் சோதனைகளில் தெரியாது. பி, சி வகைக் கிருமிகளோ கண் மஞ்சளாகாமலே ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் இருக்கும். சோதனையைக் காமாலை என்று எழுதினால், சின்ன வயதில் காமாலை வந்தவர் வீணாகப் பயப்படுவார், கிருமி இருந்தும் கண் மஞ்சளாகாதவர் தனக்குக் கவலையில்லை என்று இருந்துவிடுவார். "கல்லீரலைத் தாக்கும் பி வகைக் கிருமி, இரத்தம் வழியாகப் பரவுவது" என்று எழுதுங்கள். இலங்கைத் தமிழர் உங்களிடம் வந்தால், அவர்கள் காமாலையைச் செங்கமாரி என்பார்கள், சர்க்கரை நோயை நீரிழிவு என்பார்கள்.

பி வகைக்குப் படிவத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று இருக்கும். கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தைத் தேடும் சோதனை அது. தடுப்பூசியிலும் அதே புரதம்தான் இருக்கிறது. ஊசி போட்ட முதல் சில நாட்களில், சில சமயம் 18 நாள் வரைகூட, கிருமியே இல்லாதவருக்கு இந்தச் சோதனை பாசிட்டிவ் காட்டலாம். வெளிநாடு போகிறோமே என்று மெடிக்கலுக்கு முந்தின வாரம் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். "ஊசி போட்டிருந்தால் நான்கு வாரம் கழித்துச் சோதனைக்குப் போகவும், ஊசி போட்ட தேதிச் சீட்டை வைத்திருக்கவும்" என்று எழுதுங்கள்.

சி வகைச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. மாத்திரை சாப்பிட்டு முழுதும் குணமானவருக்கும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் நிற்கும். சிபிலிஸுக்கான டி.பி.எச்.ஏ. சோதனையும் இப்படித்தான், ஒருமுறை வந்து குணமானவருக்கும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவ் காட்டும். பக்கத்தில் இருக்கும் வி.டி.ஆர்.எல். சோதனை சிகிச்சைக்குப் பிறகு இறங்கும். வேறு காரணங்களாலும் அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதுண்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சிபிலிஸைத் தமிழில் "மேகநோய்" என்றோ "கிரந்தி" என்றோ எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். மேகம் என்பது ஊரில் வெள்ளைப்படுதல் முதல் வெட்டை வரை எல்லாவற்றுக்கும் ஆகிவருகிறது. கிரந்தி என்றால் பச்சைக் குழந்தைக்கு வரும் தடிப்பு என்று நினைப்பார்கள். "சிபிலிஸ்: உடலுறவு வழியாகப் பரவும் ஒரு தொற்று. ஊசி மருந்தால் குணமாகும்" என்பது போதும்.

மலேரியா, யானைக்கால் இரண்டுக்கும் இரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். படிவத்தில் "மைக்ரோஃபைலேரியா" என்று இருப்பது யானைக்கால் புழுவின் குஞ்சு. கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதல்ல இந்தச் சோதனை. வீக்கமே இல்லாத ஒருவர் இரத்தத்திலும் அது இருக்கலாம். நம் பகுதியில் காணப்படும் வகை இரவு பத்து மணிக்குமேல்தான் இரத்தக்குழாய்களில் அதிகமாக வரும், பகலில் ஒளிந்துகொள்ளும். ஆகவே பகல் முடிவு நெகட்டிவ் என்பதை வைத்து யாருக்கும் உறுதி சொல்லாதீர்கள்.

ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள் ஆகியவை எண்களாக வரும். இந்த இடத்தில் "உப்பு" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். சிறுநீரில் புரதம் போனாலும் உப்பு என்கிறோம், இரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் ஏறினாலும் உப்பு என்கிறோம். இரண்டும் வேறு சோதனைகள், வேறு பொருள். "சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா", "சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறதா" என்று எழுதினால் தெளிவு. எண்களைத் தாளில் போடும்போது அலகையும் கூடவே போடுங்கள். இரத்தச் சர்க்கரை இங்கே மில்லிகிராம் கணக்கில் 108 என்று வரும். வளைகுடாவில் பல இடங்களில் அதே அளவு மில்லிமோல் கணக்கில் 6 என்று வரும். 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு கிடைக்கும். அலகில்லாமல் 6 என்று மட்டும் பார்ப்பவர் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று பதறுவார்.

சிறுநீருக்கு முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு நாட்களில் கொடுத்தால் இரத்தம் கலந்து முடிவு கெடும், வேறு நாள் கேட்டுக்கொள்ளலாம். மலத்தில் புழு முட்டையும் சில குடல்கிருமிகளும் பார்க்கப்படும். டப்பாவில் சிறுநீரோ தண்ணீரோ கலக்கக்கூடாது என்ற ஒரே குறிப்பு போதும்.

பெண்களுக்கு "எல்.எம்.பி." என்று ஒரு கேள்வி வரும், கடைசி மாதவிலக்கு எப்போது என்று. நம் வீடுகளில் தலைக்குக் குளித்த நாளைச் சொல்லும் வழக்கம் உண்டு. கேட்பது மாதவிலக்கு தொடங்கிய முதல் நாள். கர்ப்பச் சோதனை முடிவு தெரிந்த பிறகே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நாள் தள்ளியிருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இனி மார்பு எக்ஸ்ரே. தாளில் அதிக இடம் இதற்குத்தான் வேண்டும். காரணம், வளைகுடா மருத்துவ விதிகளில் இப்போது இருக்கும் காசநோய் மட்டுமல்ல, பழைய காசநோய் நுரையீரலில் விட்டுப்போன தழும்பும் தகுதியின்மைக்குக் காரணமாகிறது. எக்ஸ்ரே கிருமியைக் காட்டாது, நிழலைத்தான் காட்டும். சளியில் கிருமி இல்லை என்று அரசு மருத்துவமனை கொடுத்த சீட்டு, "தழும்பு இருக்கிறது" என்ற எக்ஸ்ரே முடிவை மாற்றாது. இரண்டும் வேறு கேள்விகளுக்கான பதில்கள். இதைப் புரியவைக்காமல் விட்டால், "நான் குணமாகிவிட்டேன், ஏன் அன்ஃபிட் போட்டாய்?" என்று மையத்தோடு மல்லுக்கட்டுவதில்தான் போய் முடியும்.

34 வயதுக் கொத்தனார் ஒருவரை வைத்துப் பார்ப்போம். 2016-இல் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். அவரிடம் "காசநோய் வந்ததுண்டா?" என்று எழுதிக் கேட்டால் "இல்லை" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அவர் அறிந்த பெயர் டி.பி. வயதானவர்கள் எலும்புருக்கி என்பார்கள், இலங்கையில் சயரோகம் என்றால்தான் சிலருக்குப் புரியும். "காசம்" என்ற சொல்லையோ சிலர் இளைப்போடு சேர்த்து நினைக்கிறார்கள். அவரிடம் கேட்க வேண்டிய முறை இது: "டி.பி. என்று சொல்லி, ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டதுண்டா? வீட்டில் யாருக்காவது அப்படி நடந்ததுண்டா?" நோயின் பெயர் மறந்தவருக்கும் ஆறு மாத மாத்திரை மறக்காது.

அவர் "ஆமாம்" என்றால் நீங்கள் செய்யக்கூடிய உதவி மூன்று. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஓர் எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சுநோய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தழும்பு கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கிறதா என்று அவர் சொல்லிவிடுவார். சில நூறு ரூபாயில் முடிகிற இந்த ஒரு காரியம் பெரிய கடனைத் தடுக்கும். இரண்டாவது, கேள்விக்கு உண்மையான பதிலையே சொல்லச் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போய், அங்கே இறங்கிய பிறகு மறுசோதனை எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தால், கட்டிய பணமும் போய்த் திருப்பி அனுப்பப்படுவார். மூன்றாவது, பழைய சிகிச்சை அட்டையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது கவனம். காசநோய்த் திட்டத்தில் "கியூர்ட்" என்பதும் "ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது, சிகிச்சை முடிவில் சளி சோதித்துக் கிருமி இல்லை என்று உறுதியானது. இரண்டாவது, மாத்திரை முழுதும் சாப்பிட்டார், ஆனால் கடைசிச் சோதனையின் பதிவு இல்லை. அட்டையில் "சிகிச்சை முடிந்தது" என்று இருந்தால் நீங்கள் நல்லெண்ணத்தோடு "கியூர்ட்" என்று எழுதிவிடக்கூடாது.

எக்ஸ்ரேக்கு உங்கள் தாளில் இப்படி எழுதலாம்:

"மார்பு எக்ஸ்ரே. நுரையீரலில் காசநோயோ அதன் பழைய தழும்போ இருக்கிறதா என்று பார்ப்பது. ஊசி இல்லை, வலி இல்லை. தாயத்து, சங்கிலி, ஊக்கு, மேல்சட்டை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சடையைக் கொண்டையாக உச்சியில் தூக்கிக் கட்டவும். மார்பைத் தட்டோடு ஒட்டி நின்று, தோள்களை முன்னால் தள்ளி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, சொல்லும்வரை அடக்கவும். முடிவு 'நார்மல்' என்றோ 'நோ ஆக்டிவ் லீஷன்' என்றோ வரலாம். இரண்டாவதற்கு, இப்போது நோய் தெரியவில்லை என்று பொருள். பழைய தழும்பு இல்லை என்று அது சொல்லவில்லை."

சடையையும் மூச்சையும் பற்றி எழுதியிருப்பது வெறும் ஒழுங்குக்காக அல்ல. காசநோய்த் தழும்பு பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில், காறை எலும்பை ஒட்டி வரும். தோளில் தொங்கும் சடையும் தாயத்துக் கயிறும் அதே இடத்தில் நிழல் விழச்செய்யும். மூச்சைப் பாதியில் விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி மங்கலாகி, சளி கட்டியதுபோலத் தோன்றும். இதனால் படத்தைத் திரும்ப எடுக்க நேரும், அல்லது சந்தேகம் என்று நிறுத்திவைப்பார்கள். கதிர்வீச்சு பற்றிக் கேட்டால், ஒரு மார்பு எக்ஸ்ரேயில் கிடைப்பது நாம் இயற்கையாகப் பத்து நாட்களில் வாங்கிக்கொள்ளும் அளவைத் தாண்டாது என்று சொல்லலாம்.

கடைசி முடிவுச் சொல்லுக்கு வருகிறேன். "அன்ஃபிட்" என்பதை "உடல்நலம் கெட்டவர்" என்று எழுதாதீர்கள். "இந்த நாட்டு விசா விதிப்படி தகுதி பெறவில்லை" என்று எழுதுங்கள். பழைய தழும்புள்ள கொத்தனார் இங்கே முழு நாளும் சாரத்தில் நின்று வேலை செய்வார், ஆனாலும் அவர் அன்ஃபிட் ஆகலாம். அந்த முடிவு பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் பதிவாகிவிடும். வேறு ஊர் மையத்தில் மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போக வேண்டாம் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். எந்தச் சோதனையால் அந்த முடிவு வந்தது என்று மையத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குரிய அரசு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். சிகிச்சை தேவையா இல்லையா என்பதை அவர் முடிவு செய்வார்.

உங்கள் கடை நடைமுறையில் ஒன்று. முடிவுத் தாளை உங்கள் கணினியில் திறந்து அச்செடுப்பீர்கள். அச்சு முடிந்ததும் கோப்பை நீக்கிவிடுங்கள், பதிவிறக்கக் கோப்புறையிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்க விடாதீர்கள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. கூட வந்த மச்சானிடமோ ஏஜென்ட்டிடமோ படித்துச் சொல்வதும் வெளியிடுவதுதான். முடிவை அவர் கையில் மட்டும் கொடுங்கள். முன்பதிவு செய்யும்போது பாஸ்போர்ட் எண்ணையும் பெயரின் எழுத்துகளையும் பாஸ்போர்ட்டை விரித்துவைத்து அவரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் முடிவு விசாவோடு ஒட்டாது.

தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், எட்டாம் வகுப்போடு நின்ற மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்பார்கள். "நெகட்டிவ்னு வந்தா நீங்க என்ன நினைப்பீங்க? எக்ஸ்ரேக்குப் போகும்போது எதையெல்லாம் கழற்றுவீங்க? டி.பி. பற்றி என்ன கேட்பாங்க?" என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்வதைக் கேளுங்கள். மூவரில் ஒருவர் தடுமாறினாலும் அந்த வரியை மாற்றுங்கள், பெரும்பாலும் அவர் சொன்ன சொல்லே சரியான சொல்லாக இருக்கும். பிறகு ஒரு மருத்துவரிடமோ ஆய்வகத் தொழில்நுட்பரிடமோ காட்டிச் சரிபார்த்து, தாளின் அடியில் தேதி போடுங்கள். சோதனைப் பட்டியல் அவ்வப்போது மாறும். புதுப் படிவம் வரும்போது பழைய தாள்கள் கடையில் மிச்சமிருந்தால் அவற்றைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.